யாருடைய இரண்டு மணி?

மைதானத்தில் ஆடும் கால்பந்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆட்டம் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் என்றால் மணியும் கொல்கத்தா மணிதான். வெளிநாட்டு அணி விமானத்தை விட்டு இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளும், பேச்சு முடிந்தது. இணையத்தில் நடக்கும் கால்பந்து லீக்கில் போய் இறங்குவதற்கு ஊரே இல்லை. கன்சோல் முன்னாலோ கணினி முன்னாலோ, அவரவர் வீட்டில், அவரவர் சுவர்க் கடிகாரத்தின் கீழ் உட்கார்ந்துதான் ஆடுகிறார்கள். அட்டவணையில் 'சனிக்கிழமை பிற்பகல் 2 மணி' என்று போட்டால், அது யாருடைய 2 மணி?

இதற்கு விடை சொல்லாத லீக்கில் தகராறு நிச்சயம். தாமதமாக வரும் அணியை யாரும் நெடுநேரம் காத்திருந்து வரவேற்பதில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள். எதிரணி வரவில்லை என்றால் வாக்ஓவர், 3–0. ஒரு மணி நேரம் பிந்தி வந்த அணியோ, சரியான நேரத்துக்குத்தான் வந்தோம் என்று சத்தியம் செய்யும். அவர்கள் திரையில் அப்படித்தானே போட்டிருந்தது?

கணக்கைக் கண்ணால் பார்க்க ஒரு சின்ன லீக்கைக் கற்பனை செய்துகொள்வோம். லண்டன், சென்னை, டொரன்டோ, சிட்னி என்று நான்கு ஊர்க் கிளப்புகள். நடத்துபவர்கள் லண்டன்காரர்கள். விதி ஒன்றே ஒன்று: சனிக்கிழமைதோறும் லண்டன் நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு ஆட்டம். முதல் ஆட்டம் 2026 மார்ச் 7.

அட்டவணையில் வெறுமனே '14:00' என்று எழுதிவைப்பது முதல் வழி. அது லண்டன் மணி என்பது எழுதியவரின் மனத்தில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. சென்னைக்காரர் மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். இரண்டாவது வழி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பத்தி போட்டு நான்கு நேரங்களையும் எழுதிவிடுவது. பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனால் நான்கு இடத்திலும் திருத்த வேண்டும். யாரோ மூன்றைத் திருத்திவிட்டு நான்காவதை மறப்பார்கள். ஒரே உண்மையை நான்கு இடத்தில் எழுதிவைத்தால் அது நான்கு உண்மையாகப் பிரிந்துவிடும்.

மூன்றாவது வழிதான் இன்று நிலைத்திருப்பது. ஆட்டம் தொடங்கும் கணத்தை ஒரே ஒரு முறை, உலகப் பொது நேரத்தில் எழுதி வைப்பார்கள். கணினிக்காரர்கள் அதை யுடிசி என்பார்கள். அணுக் கடிகாரங்களை ஆதாரமாகக் கொண்ட இந்த நேரம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. கோடை குளிர் என்று முன்னே பின்னே நகர்வதும் இல்லை. எல்லா ஊர்க் கடிகாரங்களும் இதிலிருந்து எவ்வளவு தள்ளி என்றுதான் கணக்கிடப்படுகின்றன. இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னே. குளிர்காலத்து டொரன்டோ ஐந்து மணி நேரம் பின்னே. கோடைக்காலத்து சிட்னி பதினொரு மணி நேரம் முன்னே. குளிர்காலத்து லண்டன் அதனோடு ஒட்டியே ஓடும். ஆகவே மார்ச் 7 பொது நேரம் 14:00 என்று ஒரு வரி சேமித்தால் போதும். சென்னையில் இரவு 7.30, டொரன்டோவில் காலை 9, சிட்னியில் ஞாயிறு அதிகாலை 1 என்று பார்ப்பவரின் திரையிலேயே அது மாறிக்கொள்ளும்.

யோசனை புதிதல்ல. இந்திய ரயில்வே ஒரு காலத்தில் மதராஸ் நேரத்தில்தான் ஓடியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தனித்தனி ஊர் நேரம் இருந்தது. ரயில் அட்டவணைக்கு மட்டும் மதராஸ் வானாய்வு நிலையத்தின் நேரம். 1906-இல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தம் ஊர் நேரத்தை விடவில்லை. உள்ளே கணக்குக்கு ஒரு நேரம், வெளியே மக்களுக்கு வேறு நேரம் என்ற ஏற்பாடு நம் நாட்டு ரயில் நிலையங்களில் எப்போதோ நடந்து பழகியதுதான்.

சரி, பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று திரைக்கு எப்படித் தெரியும்? கைப்பேசியிலும் கணினியிலும் நேர மண்டல அமைப்பு ஒன்று உண்டு. பிரவுசர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சென்னையில் கேட்டால் `Asia/Kolkata` என்று வரும். சில பிரவுசர்கள் இன்னும் `Asia/Calcutta` என்ற பழைய பெயரையே சொல்கின்றன. டொரன்டோவில் `America/Toronto`. விபிஎன் போட்டு ஆடுபவர்கள் நேரம் குழம்பிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். விபிஎன் மாற்றுவது இணைய முகவரியை, கருவியின் கடிகார அமைப்பை அல்ல. இணைய முகவரியை வைத்து ஊரை ஊகிக்கும் லீக் மட்டும்தான் அங்கே ஏமாறும்.

'+5:30' என்று எண்ணாக எழுதினால் போதாதா, ஊர்ப் பெயர் எதற்கு என்று தோன்றலாம். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இன்று ஒரே மணிதான். ஆனாலும் கணினிப் பட்டியலில் இலங்கைக்கு `Asia/Colombo` என்று தனிப் பெயர் உண்டு. காரணம் இருக்கிறது. இலங்கை 1996-இல் முதலில் ஆறரை மணி நேரம் முன்னே போனது, அதே ஆண்டில் ஆறு மணி நேரத்துக்கு இறங்கியது, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்து சேர்ந்தது. எண் இன்றைய நிலையை மட்டும் சொல்லும். பெயரோ அந்த ஊரின் நேர வரலாற்றையும் இனி அறிவிக்கப்பட்டுள்ள மாற்றங்களையும் சேர்த்துச் சுமக்கும். இந்தப் பெயர்ப் பட்டியலை 1980-களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கினார். இன்று பால் எகெர்ட் அதைப் பராமரிக்கிறார். ஏதோ ஒரு நாடு கடிகாரத்தை மாற்றுவதாக அறிவிக்கும்போதெல்லாம் பட்டியலுக்குப் புதிய பதிப்பு வரும். உங்கள் கைப்பேசியிலும் அதன் பிரதி ஒன்று இருக்கிறது.

'ஐஎஸ்டி' போன்ற சுருக்கெழுத்துகளை நான் அட்டவணைப் பக்கமே அண்டவிட மாட்டேன். அது இந்தியாவுக்கும் பொருந்தும், அயர்லாந்துக்கும் பொருந்தும், இஸ்ரேலுக்கும் பொருந்தும்.

இனி மார்ச் மாதத்துக்குள் நுழைவோம். கனடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது பழக்கமான விஷயம்: மார்ச் வந்ததும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், தொலைபேசியில் பேசும் நேரமும் மாறிப்போகும். லீக்கின் தலைவலி என்னவென்றால், எல்லா நாடும் ஒரே நாளில் தள்ளுவதில்லை. 2026-இல் டொரன்டோ மார்ச் 8 அன்று, லண்டன் மார்ச் 29 அன்று முன்னே போகின்றன. சிட்னிக்கு அது கோடை முடியும் காலம். ஏப்ரல் 5 அன்று பின்னே வருகிறது. சென்னை அசைவதே இல்லை.

நம் விதியை ஒவ்வொரு வாரமாக ஓட்டிப் பார்ப்போம். மார்ச் 14 அன்று லண்டன் 2 மணி இன்னும் பொது நேரம் 14:00 தான். சென்னைக்கு 7.30, சிட்னிக்கு அதிகாலை 1, மாற்றமில்லை. டொரன்டோவுக்கு மட்டும் காலை 9 என்பது 10 ஆகிவிட்டது. மார்ச் 28 வரை இதே நிலை. ஏப்ரல் 4-க்குள் லண்டன் கோடை நேரத்துக்குப் போய்விட்டது. அதன் 2 மணி இப்போது பொது நேரத்தில் 13:00. டொரன்டோ மறுபடி காலை 9-க்குத் திரும்புகிறது. சென்னைக்கு, தன் கடிகாரத்தைத் தொடாமலே, ஆட்டம் 6.30 ஆகிறது. சிட்னிக்கு ஞாயிறு பிறக்கும் நள்ளிரவு சரியாக 12. அடுத்த வாரம், ஏப்ரல் 11, சிட்னியும் பின்வாங்கிவிட்டதால் அங்கே சனிக்கிழமை இரவு 11. ஐந்து வாரத்தில் லண்டன் அணி மட்டும்தான் தன் கடிகாரத்தில் எந்த மாற்றத்தையும் பார்க்கவில்லை. மற்ற மூன்றும் ஏதோ ஒரு வாரம் இடம்பெயர்ந்தன.

புதிதாக லீக் நடத்துபவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பருவம் முழுவதுக்குமான அட்டவணையை ஒரே மூச்சில் உருவாக்கும் நிரல், முதல் ஆட்டத்தின் பொது நேரத்தை எடுத்துக்கொண்டு, அதனோடு ஏழு நாள், அதாவது 168 மணி நேரம், கூட்டிக்கொண்டே போகும். மார்ச் முழுவதும் எல்லாம் சரியாக இருக்கும். ஏப்ரல் 4-க்கு அது 14:00 என்று எழுதும். லண்டன்காரர் திரையில் பிற்பகல் 3 மணி. விதிப் புத்தகத்தில் 2 மணி. சென்னை அணிக்கோ எதுவும் உறுத்தாது, வழக்கமான 7.30 தானே காட்டுகிறது! சந்தேகமே படாமல் ஒரு மணி நேரம் பிந்தி வந்து, மூன்று கோல் தோல்வியோடு திரும்பும். ஒரு வாரம் என்பது நாட்காட்டியில் ஏழு நாள்; லண்டன் மார்ச் கடைசியில் அது 167 மணி நேரம்தான். கூட்ட வேண்டியது லண்டன் நாட்காட்டியில் ஏழு நாளை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியாகப் பொது நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

இதிலிருந்து ஒரு சங்கடமான உண்மை வெளிப்படுகிறது. 'எல்லாவற்றையும் பொது நேரத்தில் சேமி' என்பது கணினித் துறையில் எல்லோரும் ஒப்பிக்கும் பாடம். நடந்து முடிந்த ஆட்டத்துக்கு அது முழு உண்மை. நடக்கப்போகும் ஆட்டத்துக்குப் பாதி உண்மை. முதலில் தெரிய வேண்டியது, வாக்குறுதி எந்தக் கடிகாரத்தின் மேல் கொடுக்கப்பட்டது என்பது. 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டில் விளையாட்டுக்குள் ஓடும் கடிகாரமே பொது நேரம்தான். அங்கே படையெடுப்பு 19:00 என்று பேசிக்கொண்டால் வேறு ஊர்க் கடிகாரத்துக்கு வேலையில்லை, அவரவர் வாழ்க்கையை அவரவர் நகர்த்திக்கொள்ள வேண்டியதுதான். நம் லீக்கோ லண்டனின் 2 மணியைச் சத்தியம் செய்திருக்கிறது. அதன் பொது நேரம் ஒரு கணக்கின் விடை. கணக்கின் விதி மாறினால் விடையும் மாறும்.

விதி மாறுமா என்றால், சில சமயம் இரண்டே நாள் அவகாசத்தில் மாறும். 2023 மார்ச்சில் லெபனான் அதைச் செய்து காட்டியது. அங்கே மார்ச் 26 அன்று கடிகாரம் முன்னே போக வேண்டியது. அன்றைய இடைக்காலப் பிரதமர் நஜீப் மிகாத்தி, ரமலான் நோன்பு காலம் முடியும் வரை தள்ளிவைப்பதாக மார்ச் 23 அன்று அறிவித்தார். மாரோனைட் திருச்சபையும் சில பள்ளிகளும் செய்தி நிறுவனங்களும் ஏற்க மறுத்தன. சில நாட்கள் ஒரே நாட்டில் இரண்டு மணி ஓடின. மார்ச் 27 அன்று அரசு முடிவைத் திரும்பப் பெற்றது. நேர மண்டலப் பட்டியலும் பாவம், தள்ளிவைப்பைச் சேர்த்து ஒரு பதிப்பு, அதை நீக்கி இன்னொரு பதிப்பு என்று ஒரே வாரத்துக்குள் அலைந்தது. மார்ச் 26 மாலை 6 மணிக்கு பெய்ரூட் நேரப்படி ஓர் ஆட்டம் குறித்திருந்தால், முன்கூட்டிக் கணக்கிட்ட பொது நேரம் 15:00. தள்ளிவைப்பு அறிவிப்புக்குப் பிறகு அதே 6 மணி 16:00 ஆகிறது. சேமித்தது 15:00 மட்டும் என்றால், அது ஒரு காலத்தில் பெய்ரூட்டின் 6 மணியாக இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஆகவே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று வரி எழுதி வைப்பது நல்லது. நம் ஏப்ரல் 4 ஆட்டம் தரவுத்தளத்தில் இப்படி இருக்கும்:

```
2026-04-04T13:00:00Z
2026-04-04 14:00
Europe/London
```

முதல் வரி கணம். கடைசியில் உள்ள Z பொது நேரம் என்பதற்கான குறி. திரையில் காட்டுவது, வரிசைப்படுத்துவது, நினைவூட்டல் அனுப்புவது எல்லாம் இதை வைத்துத்தான். அடுத்த இரண்டும் வாக்குறுதி. நேர மண்டலப் பட்டியல் புதுப்பிக்கப்படும்போது, இன்னும் நடக்காத ஆட்டங்களுக்கு மட்டும் வாக்குறுதியிலிருந்து கணத்தை மறுபடி கணக்கிட வேண்டும். மாறியிருந்தால் கிளப்புகளுக்குச் சொல்ல வேண்டும். முடிந்த ஆட்டத்தைத் தொடக் கூடாது. கணம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தரவுத்தளமே மற்றதை நினைவில் வைத்திருக்கும் என்று நம்புவது தப்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 'நேர மண்டலத்துடன் கூடியது' என்று பெயரிட்ட ஒரு வகை உண்டு. நீங்கள் கொடுத்த நேரத்தைப் பொது நேரமாக மாற்றிக்கொண்டு, மண்டலத்தின் பெயரைத் தூக்கி எறிந்துவிடும். பெயரை நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

இந்த வகைப் பிழை பிடிபடாமல் ஒளிந்துகொள்வதற்கு லண்டனைப் போல வசதியான ஊர் வேறில்லை. குளிர்காலத்தில் லண்டன் மணியும் பொது நேரமும் ஒன்றே என்பதால், ஜனவரியில் அங்கே உட்கார்ந்து நிரல் எழுதுபவர் நேரத்தை மாற்றவே மறந்திருந்தாலும் எல்லாம் சரியாகத் தெரியும். மார்ச் கடைசி ஞாயிறன்று புகார் வரத் தொடங்கும். சென்னையில் எழுதினால் பிழை முதல் நாளே பல்லைக் காட்டும். எவ்வளவு பிசகுகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். சென்னைக்கு 6.30 மாலை காட்ட வேண்டிய இடத்தில் பகல் 1 மணி, அதாவது ஐந்தரை மணி நேரம் முந்திக் காட்டினால், சேமித்தது சரி, திரைக்கு மாற்ற மறந்திருக்கிறார்கள். ஐந்தரை மணி நேரம் பிந்தி நள்ளிரவு 12 காட்டினால், சென்னை மணியையே பொது நேரம் என்று சேமித்திருக்கிறார்கள், அல்லது இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் மட்டும் பிசகினால் கோடை நேரம். எல்லாவற்றிலும் மோசமானது இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைப்பது: சென்னை மணியைப் பொது நேரம் என்று சேமித்து, மாற்றாமலே காட்டுவது. சென்னையில் 6.30 என்றே வரும், எழுதியவர் நிம்மதியாகத் தூங்குவார். லண்டனிலும் டொரன்டோவிலும்கூட 6.30 என்றே வரும்.

மணி சரியாக இருந்து நாள் பிசகும் கதை வேறு. 'சனிக்கிழமை ஆட்டங்கள்' என்று தலைப்புப் போட்டு அதன் கீழ் அடுக்கினால், மார்ச் மாதம் முழுக்க சிட்னிக்காரர் சனிக்கிழமை விடிவதற்கு முன் 1 மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். ஆட்டமோ 24 மணி நேரம் கழித்து. தலைப்பில் வரும் நாளையும் பார்ப்பவரின் ஊர்ப்படிதான் பிரிக்க வேண்டும். 'இன்றைய ஆட்டங்கள்' என்று தேடும்போதும் 'இன்று' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவர் ஊரில் கேட்க வேண்டும். ஏப்ரல் 5 நள்ளிரவு 12 மணி போன்ற நேரம் இன்னும் ஆபத்தானது. பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரியோதயத்தில்; நம் பேச்சிலும் விடியும் வரை முந்தைய நாள் இரவுதான். 'ஞாயிறு நள்ளிரவு 12' என்றால் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை முடியும் இரவையே நினைப்பார்கள். நடத்துபவர்களுக்கு என் யோசனை, நள்ளிரவில் விழும் ஆட்டத்தை ஐந்து நிமிடம் தள்ளி 12.05 ஆக்கிவிடுங்கள், அல்லது 'இன்னும் 9 மணி நேரம்' என்று எண்ணிக் காட்டும் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். எண்ணிக்கைக்கு ஊர் பேதம் இல்லை.

ஆட்டத்தைக் குறிக்கும் படிவத்திலும் ஒரு பொறி உண்டு. நேரத்தைத் தட்டச்சு செய்யும் பெட்டி பிரவுசரிலிருந்து வரும்போது வெறும் '2026-04-04T14:00' என்றுதான் வரும். ஊர்ப் பெயர் ஒட்டியிருக்காது. சென்னையில் விடுமுறையில் இருக்கும் லண்டன் நிர்வாகி அதை நிரப்பினால் அது சென்னையின் 2 மணியா, லண்டனின் 2 மணியா? பெட்டிக்குப் பக்கத்திலேயே 'லண்டன் நேரம்' என்று எழுதிவிட்டு, கீழே நான்கு ஊரின் நேரத்தையும் உடனே காட்டினால் அவரே பார்த்துத் திருத்திக்கொள்வார். வாக்ஓவர் நேரத்தை மட்டும் எந்தக் கிளப்பின் கடிகாரத்தையும் கேட்காமல் சர்வரின் கடிகாரத்தை வைத்து அளக்க வேண்டும். கைப்பேசிக் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் பத்து நிமிடம் பின்னே தள்ளிவைக்கலாம்.

உங்கள் லீக் சரியாக நடக்கிறதா என்று சோதிக்க நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கணினியின் நேர மண்டலத்தை சிட்னிக்கு மாற்றி, அட்டவணைப் பக்கத்தைப் புதிதாகத் திறந்து, ஏப்ரல் முதல் இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். நம் உதாரண லீக்கில் முதலாவது ஞாயிறு 12.00 என்றும் அடுத்தது சனி இரவு 11.00 என்றும் வர வேண்டும். பிறகு காத்மாண்டுவுக்கு மாற்றுங்கள். நேபாளம் பொது நேரத்துக்கு ஐந்தே முக்கால் மணி நேரம் முன்னே என்பதால் இரண்டும் மாலை 6.45 காட்ட வேண்டும். கடைசியாக ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவு. அங்கே கோடை முடிந்ததும் கடிகாரம் பின்வாங்குவது அரை மணி நேரம் மட்டுமே. ஏப்ரல் 4 ஆட்டம் அங்கேயும் நள்ளிரவு 12.00. ஏப்ரல் 11 ஆட்டத்துக்கு இரவு 11.30 வராமல் 11.00 வந்தால், நிரலில் யாரோ கோடை நேரம் என்றால் ஒரு மணி நேரம் என்று கையால் எழுதிவைத்திருக்கிறார்கள்.